பதினேழாம் எண் சிரிப்பு

ஆளைப் பார்த்துவிட்டுக் குரலைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, ஐம்பத்தெட்டு வயது, நடந்தால் மாடிப்படி முனகும். வாயைத் திறந்தால் ஏழு வயதுப் பையன். குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூன் தொடர் ஒன்றில் 'பட்டாணி' என்கிற வாலுப்பையனுக்கு இருபத்துமூன்று வருஷமாகக் குரல் கொடுத்து வந்தவள் அவள்தான். தெருவில் அவளுக்குப் பெயரே பட்டாணியம்மா. மருந்துக் கடைக்காரர்கூட மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, "ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க, மீதிச் சில்லறையைத் தர்றேன்" என்பார். அவளும் சிரித்துக் காட்டுவாள்.

அந்தச் சிரிப்புதான் தொடருக்கே அடையாளம். தொடக்கப் பாட்டு முடிகிற இடத்தில், வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு அறுந்து, ஒரு விக்கலில் மாட்டி, மறுபடி பீறிக்கொண்டு வருகிற சிரிப்பு. அதைக் கேட்டால் அழுகிற குழந்தையும் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

ஐம்பதைத் தாண்டியதும் குரல் மெல்லக் கீழே இறங்கியது. தொடரின் போன பருவத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பட்டாணி அவள் தொண்டையில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வேலையும் குறைந்தது. எட்டு மாதமாகப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. 'சேவையைத் தொடர எண் ஒன்றை அழுத்தவும்' போன்ற துண்டு துக்கடாக்கள்தான். படுக்கையறை அலமாரியில் துணிகளை ஒதுக்கி, சுற்றிலும் கம்பளியை ஆணியடித்து மாட்டி, அதற்குள்ளே உட்கார்ந்து பேசி அனுப்புவாள். மைக்குக்கு முன்னால் வயிறு கத்தக்கூடாது என்று முதலில் ஒரு வாழைப்பழம். நாக்கு ஒட்டி 'ச்சக் ச்சக்' என்று கேட்கக்கூடாது என்று இரண்டு துண்டு புளிப்பு ஆப்பிள். இந்த ஒழுங்கெல்லாம் மாறவில்லை. வேலைதான் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பட்டாணி தொடரின் ஒருங்கிணைப்பாளர் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

"ஏங்க, கண்ணாடியை எங்க வெச்சேன்னு தெரியல. இதைப் படிங்களேன்."

"தலை மேல இருக்கு" என்றார் கணவர். இருந்தாலும் போனை வாங்கிக்கொண்டார். தட்டச்சுப் பள்ளி நடத்தி ஓய்ந்தவர். எழுத்து என்று கண்ணில் பட்டால் போதும், பல்பொடி டப்பாவாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்தே தீருவார்.

அவர் சத்தமாகப் படித்தார்.

'வணக்கம் அக்கா. பட்டாணியின் ஐந்தாம் பருவம் தொடங்குகிறது. பதினோரு நிமிட அத்தியாயங்கள் இருபத்தாறு. அவற்றில் பதினெட்டில் பட்டாணியின் அம்மா வருகிறார். அந்தப் பாத்திரத்தை நீங்கள் செய்ய வேண்டும் என்று இயக்குநர் விரும்புகிறார்.

'வேலை: எங்கள் பதிவுக்கூடத்தில் நான்கு மணி நேர அமர்வுகள் ஆறு. வசனம் மாறினால் மறுபதிவுக்கு இரண்டு மணி நேரம் இதே ஊதியத்தில் அடங்கும். அதற்கு மேல் போனால் தனி. ஊதியம்: அமர்வுக்கு, சென்ற பருவத்தைவிடக் கால் பங்கு கூடுதல். பயன்பாட்டு உரிமை: இந்த மொழியில் மட்டும், தொலைக்காட்சியிலும் இணையத்திலும் ஐந்து ஆண்டுகள். தொடரின் முன்னோட்டங்களும் இதில் அடங்கும். விளம்பரம், பொம்மை, விளையாட்டு ஆகியவற்றுக்குத் தேவைப்பட்டால் தனியாகக் கேட்போம்.'

"ஊரே உன்னைப் பட்டாணியம்மாங்குது. இவங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர், கண்ணாடியைச் சரிசெய்தபடி.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அம்மா வேஷம். சரி, வயசுக்கேற்ற வேஷம். பட்டாணி இனி அவள் இல்லை என்பது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பதினெட்டு அத்தியாயம்! மறுபடி அந்தப் பதிவுக்கூடத்தில், அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

"இன்னும் இருக்கு, இரு. 'பட்டாணிக்கு ஒரு புதிய பெண் குரல் கொடுக்கிறார். ஆனால் சிரிப்பு, அழுகை, மூச்சுவாங்கல், தும்மல் ஆகியவற்றை உங்கள் பழைய பதிவுகளிலிருந்தே எடுக்க விரும்புகிறோம். முக்கியமாக அந்தச் சிரிப்பு. அது இல்லாமல் பட்டாணி இல்லை என்கிறார் இயக்குநர். நாற்பத்திரண்டு துண்டுகள். பட்டியல் இணைப்பில் உள்ளது. பழைய ஒப்பந்தங்கள் அந்தந்தப் பருவத்தோடு முடிந்துவிட்டதால் உங்கள் புதிய அனுமதி தேவை. இதற்கு மொத்தமாக ஓர் அமர்வின் ஊதியம். வெள்ளி மாலை ஐந்துக்குள் ஒப்பமிட்டு அனுப்புங்கள். பதிவு பதினான்காம் தேதி தொடங்குகிறது.'"

இணைப்பைத் திறந்து அதையும் படித்தார் கணவர். கடைசிப் பத்திக்கு வந்ததும் அவர் குரல் தட்டச்சு மாதிரி ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

"'பட்டியலில் உள்ள பதிவுகள் யாவும் என் சொந்தக் குரலில் ஆனவை என்றும், வேறு எவருக்கும் அவற்றில் உரிமை இல்லை என்றும் உறுதியளிக்கிறேன்.' அவ்வளவுதான். கையெழுத்து. என்ன, அப்படியே நிக்கற?"

"பட்டியல்ல பதினேழாம் நம்பர் என்னன்னு பாருங்க."

"'சிரிப்பு, வயிற்றுச் சிரிப்பு, விக்கலுடன். முதல் பருவம்.' ஏன்?"

"அது நான் இல்லங்க."

*

அது நடந்தது முதல் பருவத்தின் மூன்றாவது நாள். மகனைப் பார்த்துக்கொள்ள அன்று ஆளில்லை. கூடவே அழைத்துப் போய், பதிவறையின் மூலையில் ஒரு மெத்தையைப் போட்டு உட்காரவைத்து, "சிவப்பு விளக்கு எரிஞ்சா மூச்சுகூட விடக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். பாவம், அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

சிரிப்பு சரியாக வரவில்லை. ஆறு தடவை சிரித்தாயிற்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பொய்யாக இருந்தது. ஏழாவது தடவை சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வாயைத் திறந்த நேரத்தில் மைக்கைத் தாங்கியிருந்த நீளக் கம்பியின் திருகு தளர்ந்து, மைக் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவளும் விடாமல் அதோடு சேர்ந்து குனிந்தாள். மைக் இறங்க, அவள் இறங்க, கடைசியில் அந்தப் பெரிய உடம்பு முழங்காலிட்டு மைக்கைத் துரத்திக்கொண்டிருந்தது. மூலையிலிருந்து வெடித்தது சிரிப்பு. பிடித்துவைத்த மூச்செல்லாம் ஒரேயடியாக. நடுவில் ஒரு விக்கல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் இரண்டு கையையும் தூக்கினார். "அதான்! அதேதான்!"

அன்றைய பதிவுத்தாளில் ஒலிப்பதிவாளர் குறித்துக்கொண்டார்: துண்டு எண் பதினேழு, வகை, நேரம். அந்த எண்ணே கடைசிவரை அதற்கு நிலைத்துவிட்டது. தாளின் தலைப்பில் கலைஞர் பெயருக்கு ஒரே ஓர் இடம். அதில் காலையிலேயே அவள் பெயர் எழுதியாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. யாரும் திருடவில்லை, மறைக்கவுமில்லை. பிறகு தொடர் பேர் வாங்கியது, சிரிப்பு பேர் வாங்கியது, சிரிப்போடு அவளும் பேர் வாங்கினாள். கண்ணாடி முன்னால் நின்று அதைப் போலவே சிரிக்கக் கற்றுக்கொண்டாள். ஏறக்குறைய வந்தது. தெருவுக்கும் கடைக்கும் அது போதும்.

*

மறுநாள் பதிவுக்கூடத்துக்குப் போனாள். ஒலிப்பதிவாளர் இப்போது காதில் கருவி மாட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சிரிப்பதும் அவரே. "முப்பது வருஷமா ஊரோட சத்தமெல்லாம் இந்தக் காதுல போட்டேன். ரொம்பிடுச்சு."

"அண்ணா, பதினேழாம் நம்பர் ஞாபகம் இருக்கா?"

"மறக்கற சிரிப்பா அது? அந்தப் பொடியன் எப்படி இருக்கான்?"

அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மின்னஞ்சலைக் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

"கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க. அன்னிக்கு அங்க இருந்த நாலு பேர்ல இயக்குநர் போய்ச் சேர்ந்துட்டாரு. நான் செவிடு. மிச்சம் நீங்களும் உங்க பையனும். உங்க பையனா வந்து கேஸ் போடப் போறான்?"

"போடமாட்டான்."

"அப்புறம் என்ன? இந்தச் சிரிப்புக்காகத்தான் உங்களை அம்மாவாப் போட்டாங்கன்னு பேச்சு. புது இயக்குநருக்கு அது மேல அவ்வளவு பித்து. அது உங்களோடது இல்லன்னு நீங்களே போய்ச் சொன்னா, அம்மா வேஷமும் ஆடிப்போயிடும், பாத்துக்குங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவள் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, பள்ளிப்பை மாட்டிய குழந்தை ஒன்று அவளை உற்றுப் பார்த்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று முழுதாக மூன்று நிமிஷம் நினைத்தாள். வீட்டுக்குப் போகிற பேருந்து வந்தபோது அதில் ஏறவில்லை.

*

மகன் சலவை இயந்திரம் பழுதுபார்க்கிறவன். ஒரு பழைய கிடங்கின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தான். உள்ளே மூடி திறந்த இயந்திரங்கள், வரிசையாக வாய் பிளந்த மாதிரி. ஓர் இயந்திரத்துக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான்.

"யாரு? கடையை மூடப்போறேன்."

"நான்தான்டா."

"அம்மாவா!" கையை உருவினான். ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை கூடவே வந்தது. "பாரு, இதுதான் வியாதி. ஆயிரம் ரூபா மோட்டாரை ஒரு சாக்ஸ் கொன்னுடும். என்ன திடீர்னு? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

கவிழ்த்த டப்பா ஒன்றைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. அந்த டப்பாமேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. நின்றபடியே எல்லாம் சொன்னாள். மின்னஞ்சல், அம்மா வேஷம், நாற்பத்திரண்டு துண்டு, வெள்ளி மாலை ஐந்து மணி. "அதுல ஒண்ணு..." என்று தொடங்கி, எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றாள். இத்தனை வருஷமாக வீட்டில் அந்தப் பேச்சே வந்ததில்லை. அவனுக்கு அப்போது நாலு வயசு. நினைவிருக்குமா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"பதினேழு" என்றான் அவன்.

"உனக்குத் தெரியுமா?"

"நான்தானேம்மா சிரிச்சேன். எனக்குத் தெரியாதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து நம்பர் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. பதினேழு, ஓகேன்னாரு அந்த மாமா. நீ மண்டி போட்டு மைக்கைத் துரத்தின." காலுறையைப் பிழிந்தான். சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. "மூணாங்கிளாஸ் ஞாபகம் இருக்கா? ஸ்கூலுக்கு உன்னைக் கூப்பிட்டாங்களே."

நினைவிருந்தது. மேடை, மாலை, மைக். பிள்ளைகள் கத்திய கத்து. பட்டாணியாகப் பேசிக் காட்டினாள், கூரை பறந்தது.

"அதுக்கு முந்தின நாள், கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். குரல் எங்கம்மாது, சிரிப்பு என்னோடதுன்னு. எவனும் நம்பல. நாளைக்கு எங்கம்மாவே வந்து சொல்லுவாங்கடான்னு பந்தயம் கட்டினேன். கடைசில ஒருத்தன் எழுந்து கேட்டான், சிரிப்பும் நீங்கதானா ஆன்ட்டின்னு. நீ என்ன சொன்ன தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது.

"'ஆமாடா கண்ணா, பட்டாணி மொத்தமும் நான்தான்'ன. அப்புறம் சிரிச்சும் காட்டின. அதுல விக்கல்கூட வெச்ச." அவன் குரலில் கோபம் இல்லை. பழைய தழும்பைக் காட்டுகிறவனின் சாவதானம் இருந்தது. "அஞ்சாங்கிளாஸ் முடியற வரைக்கும் எனக்குப் பேரு புளுகுப்பட்டாணி."

டப்பாமேல் நம்பிக்கை இல்லாமலே உட்கார்ந்துவிட்டாள். அது தாங்கியது.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? நீ மேடையிலேருந்து இறங்கி வந்து என்னைத் தூக்கிக்கிட்ட. அவ்வளவு சந்தோஷமா இருந்த. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் மகனின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் விடுவிக்காமல் நின்றான். தெருவில் யாரோ வண்டியின் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போனார்கள்.

"தப்புடா" என்றாள் கடைசியில். "அந்தப் பையனுக்குப் பதில் சொல்றப்போ உன் நெனப்பே எனக்கு வரல. மேடையில நின்னா அப்படித்தான் ஆயிடுது. அதை எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றான். "எழுதிக் குடு."

"என்னன்னு?"

"பதினேழு என்னோடதுன்னு. அவங்களுக்கு. எழுத்துல."

"அப்படி எழுதினா, வேஷம் போனாலும் போயிடும்ன்றாரு ஒலிப்பதிவாளர்."

அவன் முகம் சட்டென்று மாறியது. வேஷம் போகக்கூடும் என்பது அவனுக்குத் தெரியாது. காலுறையை இயந்திரத்தின் மேல் விரித்து வைத்தான்.

"அப்ப வேணாம்மா. சும்மா சொன்னேன். நீ கையெழுத்தைப் போட்டு அனுப்பு. எட்டு மாசமா சும்மா இருக்க. அலமாரிக்குள்ள உக்காந்து ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு... எனக்குத் தெரியாதா? நான் இப்ப புளுகுப்பட்டாணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெக்கானிக். சிரிப்பை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

அவள் பையைத் திறந்து போனை எடுத்தாள். கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினாள்.

"அம்மா, வேணான்னு சொல்றேன்ல."

"சும்மா இரு. எழுதறப்போ பேசினா தப்பாயிடும், உங்கப்பா சொல்லுவாரு."

ஒற்றை விரலால் எழுதினாள். அவள் எழுதுகிற வேகத்துக்கு ஒரு சலவை இயந்திரம் முழுச் சுற்று சுற்றி முடித்துவிடும். அவன் பின்னால் வந்து தோள்மேல் எட்டிப் பார்த்தான்.

'வணக்கம் தங்கச்சி. அம்மா பாத்திரம் செய்ய எனக்குச் சம்மதம். வேலை, ஊதியம், ஐந்து வருஷ உரிமை, தேதி எல்லாம் சரி. நாற்பத்தொரு துண்டுகளுக்கு நான் ஒப்பமிடுகிறேன். பதினேழாம் எண்ணுக்கு என்னால் ஒப்பமிட முடியாது. அந்தச் சிரிப்பு என்னுடையது அல்ல. என் மகனுடையது. அப்போது அவனுக்கு நாலு வயது. பதிவுத்தாளில் என் பெயர் இருப்பது தவறு. அதை இத்தனை வருஷம் திருத்தாமல் விட்டதும், என்னுடையது என்று பலரிடம் சொன்னதும் என் தவறு. அது வேண்டுமென்றால் அவனிடம்தான் கேட்க வேண்டும். அவன் மாட்டேன் என்றால் நான் வற்புறுத்தமாட்டேன். இதனால் பாத்திரத்தை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் புரிந்துகொள்வேன்.'

அவன் வாசித்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்து, கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொண்டான்.

"நாலு இல்ல" என்றான்.

"என்ன?"

"நாலரை. அந்த மாசம்தான் அரை முடிஞ்சுது. நீதான் சொல்லுவ, நாலரை வயசுக் கழுதை, அடங்கி உக்கார முடியாதான்னு."

'நாலரை' என்று திருத்தினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள்.

*

பதில் வியாழன் மதியமே வந்தது. ஆனால் ஒருங்கிணைப்பாளர் பெண் எழுதவில்லை, கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா! என்ன அக்கா இப்படி ஒரு குண்டைப் போட்டுட்டீங்க!"

"வேஷம் போச்சா?"

"எந்த வேஷம்? அம்மாவா? அதெல்லாம் யாரும் தொடல. 'அவன் மாட்டேன் என்றால் நான் வற்புறுத்தமாட்டேன்'னு எழுதினீங்களே, அந்த வரியைப் படிச்சுட்டு இயக்குநர், 'இந்தம்மா தவிர வேற யாரு அம்மா'ன்னுட்டாரு. அதை விடுங்க. நீங்க மட்டும் அந்தக் காகிதத்துல சும்மா கையெழுத்துப் போட்டு, பின்னாடி தெரிஞ்சிருந்தா எங்க கதி என்ன? முதல் பருவத்துலேருந்து எல்லாத்தையும் நிறுத்தியிருக்கணும். இப்ப உங்க பையனுக்குத் தனியா ஒரு அனுமதிப் படிவம் அனுப்பறேன். அவருக்குத் தனித் தொகை. கடைசில பேர் வர்றப்போ 'பட்டாணியின் சிரிப்பு' அப்படின்னு தனியா ஒரு வரி. அவர் ஒத்துக்கணும், அவ்வளவுதான்."

"அதை அவன்கிட்ட கேளும்மா. நான் கேக்கமாட்டேன்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மகன் வந்தான். சமையலறை மேசையில் படிவத்தை விரித்துப்போட்டு, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வரியையும் கணவர் விரல் வைத்துப் படித்தார். பொம்மைக்குள் சிரிப்பைப் போட்டு விற்கக்கூடாது என்று ஒரு வரியை மகன் கையால் சேர்த்தான். "அழுத்தினா சிரிக்கிற பொம்மையா நான் ஆகமாட்டேன்" என்றான். ஐந்து வருஷத்தை மூன்றாகக் குறைத்தான். அம்மாவின் காகிதத்தைவிடத் தன் காகிதம் கறாராக இருக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

"நீயெல்லாம் தொழில்ல இருந்திருந்தா என்னைத் தெருவுல நிறுத்தியிருப்படா" என்றாள் அவள்.

"மூணு வருஷம் கழிச்சு வந்து கேக்கட்டும். நல்ல மூட்ல இருந்தா குடுப்போம்."

நாலே முக்கால் ஆயிற்று. பெயர், முகவரி எல்லாம் எழுதி முடித்தவன் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினான்.

"தொழில்னு கேட்டிருக்கு. என்ன போட?"

"குரல் கலைஞர்னு போடு" என்றாள். அதைச் சொல்லும்போது தன் குரல் பட்டாணியின் உயரத்துக்குப் போய்விட்டதை அவளே கவனித்தாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, 'சலவை இயந்திர மெக்கானிக்' என்று எழுதினான்.

"ஒரு தடவை நிஜத்தைச் சொல்லி நம்பவெச்சாச்சு. கெடுப்பானேன்?" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு, பேனாவை அவளிடம் நீட்டினான். சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது.